கூட்டு நிகழ்தகவு அட்டவணையிலிருந்து நிபந்தனை எதிர்பார்ப்பும் பரவற்படியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியலை முதன்முறையாகப் படிக்கும் மாணவர்கள் இந்தப் பகுதியில் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு விடைக்கும் புதிய கணக்கு ஒன்றை எடுத்தால் கவனம் சிதறும் என்பதால், பெரும்பாலான விடைகள் ஒரே அட்டவணையை வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கணக்கு இதுதான். தாயக்கட்டை ஒன்றின் நான்கு நீளப் பக்கங்களில் ஒன்றில் புள்ளியே இல்லை. மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள் உள்ளன. இரண்டு கட்டைகளை உருட்டினால் இரண்டின் புள்ளிகளையும் கூட்டி எண்ணுவோம். இரண்டுமே வெற்றுப் பக்கமாக விழுந்தால் மட்டும் அதைப் பூஜ்யமாகக் கொள்ளாமல் 12 என்று எண்ணுவோம். ஒரே ஓர் உருட்டலில் விழுந்த எண்ணை S என்றும், அந்த உருட்டலில் விழுந்த வெற்றுப் பக்கங்களின் எண்ணிக்கையை K என்றும் குறிப்போம். நான்கு பக்கங்களும் சம வாய்ப்புள்ளவை, ஒரு கட்டை விழுவது மற்றதைப் பாதிக்காது என்று கொண்டால் 16 சம வாய்ப்பு விளைவுகள் கிடைக்கின்றன. தாயம் விழுந்தால் மறுபடி உருட்டுவது போன்ற ஆட்ட விதிகள் இங்கே கணக்கில் வரவில்லை.

| | S=1 | S=2 | S=3 | S=4 | S=5 | S=6 | S=12 | நிரைக் கூடுதல் |
|---|---|---|---|---|---|---|---|---|
| K=0 | 0 | 1 | 2 | 3 | 2 | 1 | 0 | 9 |
| K=1 | 2 | 2 | 2 | 0 | 0 | 0 | 0 | 6 |
| K=2 | 0 | 0 | 0 | 0 | 0 | 0 | 1 | 1 |
| நிரல் கூடுதல் | 2 | 3 | 4 | 3 | 2 | 1 | 1 | 16 |

ஒவ்வோர் எண்ணையும் 16 ஆல் வகுத்தால் நிகழ்தகவு கிடைக்கும்.

அட்டவணைக்குள் இருக்கும் எண்ணுக்கும் ஓரத்தில் இருக்கும் எண்ணுக்கும் என்ன வேறுபாடு?

உள்ளே இருக்கும் எண் இரண்டு செய்திகளும் ஒன்றாக நிகழும் வாய்ப்பைச் சொல்கிறது. K=1 நிரையும் S=3 நிரலும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள 2/16 என்பது, ஒரு கட்டை வெற்றுப் பக்கமாகவும் மற்றது மூன்றாகவும் விழும் வாய்ப்பு. எந்தக் கட்டை வெற்றாக விழுந்தது என்பதைப் பொறுத்து அது இரண்டு வழிகளில் நடக்கலாம்.

ஓரத்தில் இருப்பது மற்ற மாறி என்னவானாலும் சரி என்று விட்டுவிட்டால் கிடைக்கும் வாய்ப்பு. P(K=1) = 6/16 என்பதில் S பற்றிய செய்தி எதுவும் இல்லை. நிபந்தனைக் கணக்குகள் அனைத்திலும் இந்த ஓர எண்ணே வகுக்கும் எண்ணாக வருகிறது.

K = 1 என்று தெரிந்துவிட்டால் S-இன் சராசரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

K=1 நிரையைத் தவிர மற்ற நிரைகளை மறைத்துவிடுங்கள். மிஞ்சியிருக்கும் கட்டங்களின் கூடுதல் 6/16 மட்டுமே. ஒரு நிகழ்தகவுப் பரவலுக்குக் கூடுதல் 1 ஆக இருக்க வேண்டும். எனவே நிரையின் ஒவ்வோர் எண்ணையும் 6/16 ஆல் வகுக்கிறோம். S=1, 2, 3 ஆகிய மூன்றுக்கும் 2/6, அதாவது 1/3 வீதம் கிடைக்கிறது. இதுதான் K=1 என்ற நிபந்தனையின் கீழ் S-இன் பரவல்.

அதன் பிறகு வழக்கமான சராசரிதான்: E(S | K=1) = 1×(1/3) + 2×(1/3) + 3×(1/3) = 2. இதே முறையில் K=0 நிரையை 9/16 ஆல் வகுத்தால் E(S | K=0) = (2×1 + 3×2 + 4×3 + 5×2 + 6×1)/9 = 36/9 = 4 என்று வரும். K=2 நிரையில் ஒரே ஒரு கட்டம்தான் இருப்பதால் E(S | K=2) = 12.

நான் K=1 நிரையில் எண்ணையும் நிகழ்தகவையும் பெருக்கிக் கூட்டினேன், 12/16 = 0.75 வந்தது. இது ஏன் விடை இல்லை?

நிரைக் கூடுதலால் வகுக்கும் படி விட்டுப்போயிருக்கிறது. 0.75-ஐ 6/16 ஆல் வகுத்தால் 2 என்ற சரியான விடை வந்துவிடும். விடைத்தாள்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுவே. இந்த நிரையில் அதைக் கண்டுகொள்வது எளிது: நிரையில் உள்ள மிகச் சிறிய மதிப்பே 1 என்னும்போது சராசரி 0.75 ஆக இருக்க முடியாது.

ஆனால் இந்தச் சோதனை எப்போதும் காப்பாற்றாது. K=0 நிரையில் இதே பிழையைச் செய்தால் 36/16 = 2.25 வரும், அது 2-க்கும் 6-க்கும் இடையில் இருப்பதால் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். எனவே, சராசரியைத் தொடுவதற்கு முன் வகுத்துக் கிடைத்த நிரையின் கூடுதல் 1 ஆகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. வகுக்காமல் விட்டால் மூன்று நிரைகளிலும் கிடைக்கும் எண்கள் பொருளற்றவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: 2.25 + 0.75 + 0.75 = 3.75, இதுவே நிபந்தனை ஏதுமில்லாத E(S). ஒவ்வொரு நிரையும் மொத்தச் சராசரிக்குத் தரும் பங்குதான் அவை.

பரவற்படி காணும்போது எந்தச் சராசரியைக் கழிக்க வேண்டும்? மொத்தச் சராசரி 3.75-ஐயா, அந்த நிரையின் சராசரியையா?

அந்த நிரையின் சராசரியை. K=1 என்று தெரிந்த பிறகு நம் எதிர்பார்ப்பு 2 ஆகிவிடுகிறது; அந்த 2-லிருந்து S எவ்வளவு விலகும் என்பதையே நிபந்தனைப் பரவற்படி அளக்கிறது. 1, 2, 3 ஆகியவை 2-லிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்கள் 1, 0, 1; எனவே Var(S | K=1) = 2/3.

கழிக்காமல் வர்க்கங்களின் சராசரியிலிருந்தும் வரலாம். E(S² | K=1) = (1 + 4 + 9)/3 = 14/3; அதிலிருந்து 2² = 4 கழித்தால் அதே 2/3. இந்த வழியில் E(S²), (E(S))² ஆகிய இரண்டும் ஒரே நிரையிலிருந்து வர வேண்டும். K=0 நிரைக்கு E(S² | K=0) = (4 + 18 + 48 + 50 + 36)/9 = 156/9 = 52/3; 16 கழித்தால் 4/3.

தவறாக 3.75-ஐக் கழித்தால் K=1 நிரைக்கு ஏறக்குறைய 3.73 வரும். அந்த நிரையின் மதிப்புகள் 1-க்கும் 3-க்கும் இடையில் அடங்கியவை. ஓர் இடைவெளிக்குள் அடங்கிய மதிப்புகளின் பரவற்படி அந்த இடைவெளியின் நீளத்தில் பாதியின் வர்க்கத்தைத் தாண்டாது. இங்கே அந்த வரம்பு 1. எனவே 3.73 என்ற விடை தானாகவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

K = 2 நிரைக்குப் பரவற்படி பூஜ்யம் வருகிறது. அப்படி வரலாமா?

வரலாம். இரண்டும் வெற்றுப் பக்கங்கள் என்று தெரிந்த பிறகு S பன்னிரண்டு என்பதில் ஐயம் ஏதும் மிஞ்சவில்லை. வரக் கூடாதது குறை எண் மட்டுமே. அது வந்தால் வர்க்கத்தையும் சராசரியையும் வெவ்வேறு நிரைகளிலிருந்து எடுத்திருப்பீர்கள், அல்லது வகுக்க மறந்திருப்பீர்கள்.

புத்தகத்தில் சில இடங்களில் E(S | K=1) என்றும் சில இடங்களில் E(S | K) என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

E(S | K=1) ஓர் எண்; அதன் மதிப்பு 2. E(S | K) என்பதோ ஒரு சமவாய்ப்பு மாறி. கட்டைகளை உருட்டுவதற்கு முன் K என்னவென்று தெரியாததால், நம் எதிர்பார்ப்பு எதுவாக அமையும் என்பதும் அப்போது தெரியாது. அது 9/16 வாய்ப்புடன் 4 ஆகவும், 6/16 வாய்ப்புடன் 2 ஆகவும், 1/16 வாய்ப்புடன் 12 ஆகவும் அமையும்.

Var(S | K) என்பதும் அவ்வாறே, முறையே அதே வாய்ப்புகளுடன் 4/3, 2/3, 0 என்ற மதிப்புகளைப் பெறும் மாறி. இவை மாறிகள் என்பதால்தான் இவற்றுக்கும் சராசரி காணலாம், பரவற்படி காணலாம். அடுத்த இரண்டு கேள்விகளும் இதை நம்பியே நிற்கின்றன.

நிரைச் சராசரிகள் 4, 2, 12. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 6 வருகிறது, மொத்தச் சராசரியோ 3.75. ஏன் ஒத்துப்போகவில்லை?

மூன்று நிரைகளும் சம எடை உள்ளவை அல்ல. 12 என்ற சராசரி பதினாறில் ஒரு முறைதான் பொருந்தும்; 4 என்பது ஒன்பது முறை பொருந்தும். நிரைக் கூடுதல்களை எடையாகக் கொண்டால் (9×4 + 6×2 + 1×12)/16 = 60/16 = 3.75 என்று சரியாக வருகிறது. அட்டவணையின் கடைசி நிரையிலிருந்து நேரடியாகக் கணக்கிட்டாலும் இதே எண் கிடைக்கும். அந்த ஒப்பீடே உங்கள் நிரைச் சராசரிகளுக்கான சிறந்த சோதனை.

அப்படியானால் நிரைகளின் பரவற்படிகளையும் எடையிட்டுச் சராசரி எடுத்தால் மொத்தப் பரவற்படி வர வேண்டும் அல்லவா? எனக்கு 1 வருகிறது, நேரடியாகப் போட்டால் 6.4375 வருகிறது.

இரண்டு கணக்கும் சரி. ஆனால் அவை ஒரே பொருளை அளக்கவில்லை. (9×4/3 + 6×2/3 + 1×0)/16 = 1 என்பது ஒவ்வொரு நிரைக்கு உள்ளேயும் S எவ்வளவு சிதறுகிறது என்பதன் சராசரி. நிரைகளின் சராசரிகளே 4, 2, 12 என்று ஒன்றுக்கொன்று விலகி நிற்பதை அது பார்ப்பதே இல்லை. அந்த விலகலைத் தனியாக அளக்க வேண்டும்: (9×16 + 6×4 + 1×144)/16 − 3.75² = 19.5 − 14.0625 = 5.4375. இரண்டையும் கூட்டினால் 6.4375. பொதுவாக எழுதினால்:

```
Var(S) = E(Var(S|K)) + Var(E(S|K))
6.4375 = 1           + 5.4375
```

அந்த 5.4375-இல் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. K=2 நிரை மட்டும் (12 − 3.75)²/16, அதாவது ஏறக்குறைய 4.25 தருகிறது. பதினாறில் ஒரு முறையே வரும் நிரை, தனக்குள் சிதறலே இல்லாத நிரை, மொத்தப் பரவற்படியில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது. இரண்டு வெற்றுப் பக்கங்களைப் பன்னிரண்டு என்று எண்ணாமல் பூஜ்யமாகவே எண்ணியிருந்தால் நிரைச் சராசரிகள் 4, 2, 0 ஆகும். நிரைகளுக்கு உள்ளான சிதறல் அதே 1 ஆகவே இருக்கும். நிரைகளுக்கு இடையிலான சிதறல் 1.5 ஆகக் குறைந்து, மொத்தம் 2.5 ஆகிவிடும். ஆட்ட விதி எந்தப் பகுதியைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்பது இந்தப் பிரிப்பில்தான் தெளிவாகத் தெரிகிறது.

தலைகீழாகக் கேட்டால்? S தெரியும், K-இன் சராசரி வேண்டும் என்றால் அதே விடைகளைத் திருப்பிப் போடலாமா?

திருப்பிப் போட முடியாது. இப்போது நிரலை எடுத்து நிரல் கூடுதலால் வகுக்க வேண்டும். முன்பு கண்ட எந்த எண்ணும் இதற்குப் பயன்படாது. S=2 நிரலில் 1, 2, 0 உள்ளன; 3 ஆல் வகுத்தால் K=0-க்கு 1/3, K=1-க்கு 2/3. எனவே E(K | S=2) = 2/3, Var(K | S=2) = 2/9. S=3 நிரலில் E(K | S=3) = 2/4 = 1/2, பரவற்படி 1/4. இரண்டு என்று விழுந்ததாகச் சொல்லக் கேட்டால், அது ஒன்றும் ஒன்றுமாக விழுந்திருப்பதைவிட வெற்றும் இரண்டுமாக விழுந்திருக்க இரு மடங்கு வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள்.

கேள்வித்தாளில் ‘இதைப் பொறுத்து’, ‘இது தெரிந்தால்’ என்ற சொற்களுக்கு முன்னால் நிற்கும் மாறியே நிபந்தனை. E( | )-இல் கோட்டுக்கு வலப்புறம் எழுதப்படுவதும் அதுவே. முதலில் அதற்குரிய நிரையையோ நிரலையோ வட்டமிட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது.

K ≥ 1 என்று ஒரு வீச்சு கொடுத்தால் எந்த நிரையை எடுப்பது?

இரண்டு நிரைகளையும் சேர்த்து ஒரே நிரையாக்கிக்கொள்ள வேண்டும். குறைந்தது ஒரு வெற்றுப் பக்கம் என்ற சேர்த்த நிரையில் S=1, 2, 3 ஆகியவற்றுக்கு 2 வீதமும் S=12-க்கு 1-உம் இருக்கின்றன; கூடுதல் 7. சராசரி (2 + 4 + 6 + 12)/7 = 24/7, ஏறக்குறைய 3.43. இங்கும் 2-க்கும் 12-க்கும் நடுவில் 7 என்று எழுதிவிடுவோர் உண்டு; எடை 6, 1 என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பரவற்படியில் இன்னும் கவனம் வேண்டும். வர்க்கங்களின் சராசரி (2 + 8 + 18 + 144)/7 = 172/7; அதிலிருந்து (24/7)² கழித்தால் 628/49, ஏறக்குறைய 12.8. தனித்தனியாக 2/3-உம் 0-உம் ஆக இருந்த பரவற்படிகள் சேர்ந்தவுடன் இவ்வளவு பெரிதாவதற்குக் காரணம் மேலே மொத்தப் பரவற்படிக்கு எழுதிய சூத்திரத்தின் இரண்டாவது உறுப்புதான்.

12.8 என்பது மொத்தப் பரவற்படி 6.4375-ஐ விட அதிகம். கூடுதல் செய்தி தெரிந்த பிறகு நிச்சயமின்மை எப்படிக் கூடும்?

கூடலாம். ஒரு வெற்றுப் பக்கமாவது விழுந்தது என்று கேள்விப்பட்டவுடன் பன்னிரண்டின் வாய்ப்பு 1/16-லிருந்து 1/7 ஆக உயர்கிறது. மறுபுறம் 1, 2, 3 ஆகிய சிறிய எண்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. இடையில் இருந்த 4, 5, 6 மறைந்து, இரண்டு முனைகளிலும் எடை சேர்ந்துவிடுகிறது.

கூட முடியாதது நிபந்தனைப் பரவற்படிகளின் எடையிட்ட சராசரி மட்டுமே. வெற்றுப் பக்கம் இல்லை என்ற மற்றச் செய்திக்குப் பரவற்படி 4/3. இரண்டையும் 9/16, 7/16 என்று எடையிட்டால் ஏறக்குறைய 6.36 வருகிறது, இது 6.4375-ஐத் தாண்டவில்லை. சூத்திரத்தின் இரண்டாவது உறுப்பு ஒருபோதும் குறை எண் ஆகாது என்பதால் எந்த அட்டவணையிலும் இது தாண்டாது. குறைவு எவ்வளவு அற்பம் என்பதையும் கவனியுங்கள்: K-ஐ முழுதாகச் சொன்னால் 1 ஆகக் குறைந்த சிதறல், K பூஜ்யமா இல்லையா என்று மட்டும் சொன்னால் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

K-க்கும் S-க்கும் உடன்மாறுபாடு மிகை எண்ணாக வருகிறது. ஆனால் K பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போனால் சராசரி 4-லிருந்து 2-க்கு இறங்குகிறதே?

இரண்டும் உண்மை. E(KS)-ஐக் காண, K தெரிந்த நிலையில் அதை வெளியே எடுத்துவிடலாம்: (9×0×4 + 6×1×2 + 1×2×12)/16 = 36/16 = 2.25. E(K) = 0.5 என்பதால் உடன்மாறுபாடு 2.25 − 0.5×3.75 = 0.375. K-இன் பரவற்படியும் தற்செயலாக 0.375 ஆக இருப்பதால், மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தும் நேர்க்கோட்டின் சாய்வு சரியாக 1, கோடு 3.25 + K. அது K=0, 1, 2-க்கு 3.25, 4.25, 5.25 என்று கணிக்கிறது. நிபந்தனை எதிர்பார்ப்போ 4, 2, 12 என்கிறது. ஒரு மதிப்பில்கூட இரண்டும் நெருங்கவில்லை.

உடன்மாறுபாடு நேர்க்கோட்டுப் போக்கை மட்டுமே பார்க்கிறது. இறங்கி ஏறும் வடிவம் அதற்குத் தெரியாது. அந்தக் கோட்டைக் கொண்டு S-ஐக் கணித்தால் பிழையின் வர்க்கச் சராசரி 6.4375 − 0.375 = 6.0625. E(S | K)-ஐக் கொண்டு கணித்தால் அது வெறும் 1, மேலே கண்ட நிரை உட்சிதறல்தான் அது. K-ஐ மட்டும் வைத்துச் செய்யும் எந்தக் கணிப்பும் இந்த 1-க்குக் கீழே போக முடியாது.

எல்லா நிரைகளுக்கும் ஒரே சராசரி வந்தால் இரண்டு மாறிகளும் சார்பற்றவை என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இதே கட்டைகளை எடுத்து, பன்னிரண்டு விதியை விட்டுவிட்டு, வெறும் கூடுதலை T என்றும் முதல் கட்டையிலிருந்து இரண்டாவதைக் கழித்த வேறுபாட்டை D என்றும் கொள்ளுங்கள். கட்டைகளை இடம் மாற்றினால் D-இன் குறி மட்டும் மாறும் என்பதால், T எதுவானாலும் E(D | T) = 0. உடன்மாறுபாடும் பூஜ்யம். ஆனால் T=6 என்றால் D பூஜ்யமாகவே இருக்க வேண்டும்; T=3 என்றால் D பூஜ்யமாகவே இருக்க முடியாது, 3, 1, −1, −3 ஆகியவற்றில் ஒன்றாகவே அமையும். பரவற்படிகள் முறையே 0-உம் 5-உம். சார்பு தெளிவாக இருக்கிறது; அது சராசரியில் தெரியவில்லை, அவ்வளவே.

நிரைகளின் பரவற்படிகளும் சமமாக வந்தாலும் முடிவு செய்துவிட முடியாது. ஒரு நிரையில் −1, 1 ஆகியவை 1/2 வீதமும், இன்னொன்றில் −2, 0, 2 ஆகியவை 1/8, 3/4, 1/8 என்றும் இருந்தால் இரண்டுக்கும் சராசரி 0, பரவற்படி 1. ஆனாலும் பரவல்கள் வேறு. சார்பின்மைக்கு ஒவ்வொரு கட்டத்தின் நிகழ்தகவும் அதன் நிரையின் நிகழ்தகவு, நிரலின் நிகழ்தகவு ஆகியவற்றின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். நிரைக்கும் நிரலுக்கும் கூடுதல் பூஜ்யமில்லாதபோது அவை சந்திக்கும் கட்டத்தில் பூஜ்யம் ஒன்று நின்றாலே போதும், அவை சார்பற்றவை அல்ல என்று உடனே எழுதிவிடலாம்; நம் முதல் அட்டவணையில் K=0, S=1 கட்டம் அப்படிப்பட்டது.